கேப்டனைக் கலாய்க்கப் பதினொரு டம்ளர் போதும்

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே, தென்னந்தோப்புகளை ஒட்டிய ஒரு மைதானத்தில் எங்கள் டீம் ஆடுகிறது. டென்னிஸ் பந்து, பத்து ஓவர் ஆட்டம். டீமில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், மீதிப் பேர் வீட்டில் மலையாளம். மைதானத்துக்குள் வந்துவிட்டால் இரண்டும் கலந்த ஒரு பாஷைதான். டிசம்பர் கடைசியில் எல்லோரும் குடும்பத்தோடு ஒன்றாகச் சாப்பிடுவோம். சாப்பாடு முடிந்ததும் மூன்று பேர் எழுந்து, அந்த வருடம் கேப்டன் ஃபீல்டில் செய்த தவறுகளைச் சொல்லி அவரைக் கலாய்ப்பார்கள். கடைசியில் அவர் பதில் சொல்வார்.

ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரையாவது பேசச் சொல்கிறோம். நான் சில வருடங்களாக இதை நடத்தி வருகிறேன். முதல் முறை பேசுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, என்ன சொல்றது, எப்படிச் சொல்றது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேப்டனிடம் போங்கள்

விருந்துக்கு இரண்டு வாரம் முன்பே கேப்டனைத் தனியாகப் பார்த்து, "அண்ணா, இந்த வருஷம் உங்களை ஓட்டலாமா?" என்று கேட்டுவிடுங்கள். சரி என்றால், எந்த மூன்று ஆட்டங்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். நகைச்சுவையைச் சொல்ல வேண்டாம், ஆட்டத்தை மட்டும் சொன்னால் போதும். "அந்த ஃபைனல் மட்டும் வேண்டாம்டா" என்று அவர் சொன்னால் அதை விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. மற்ற இரண்டுக்கும் அவர் மனதளவில் தயாராகிவிடுவார். தயாராக இருக்கிற மனிதர்தான் சிரிப்பார். திடீரென்று மாட்டிக்கொண்டவர் சிரிப்பதுபோல நடிப்பார், அது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நினைவை நம்பாதீர்கள், ஸ்கோர் புத்தகத்தை எடுங்கள்

அடுத்த வேலை, அந்த வருடத்தின் ஸ்கோர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவது. பேட்டிங் பக்கத்தை விட்டுவிடலாம். கேப்டனின் தவறுகள் இருப்பது பவுலிங் பக்கத்தில். யார் எந்த ஓவர் போட்டார், எந்த ஓவரில் நோ பால் வந்தது, எந்த ஓவரில் ஒருவர் கையில் பந்து திடீரென்று வந்தது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். போனில் ஸ்கோர் போடுகிற டீம்களுக்கு இது இன்னும் எளிது, பந்து வாரியாகவே பார்த்துவிடலாம்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு வருடத்தில் கதைகள் வளர்ந்துவிடுகின்றன. எங்கள் கேப்டன் ஓர் ஆட்டத்தின் கடைசி ஓவரைத் தானே போட்டுத் தோற்ற கதை டீமில் ரொம்பப் பிரபலம். டீக்கடையில் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த ஓவரின் ரன் கூடிக்கொண்டே போய், நவம்பரில் 24 ஆகியிருந்தது. புத்தகத்தில் இருந்தது 14. மேசையில் போய் 24 என்று சொல்லியிருந்தால், கேப்டன் முதல் வரியிலேயே "பொய்" என்று மறித்திருப்பார், கதை அங்கேயே செத்திருக்கும். அந்த 14 எப்படி வந்தது என்பதைப் பந்து பந்தாகச் சொன்னபோதுதான் அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

எந்தத் தவறை எடுப்பது

கேப்டன் கேட்ச் விட்டதையோ, டக் அவுட் ஆனதையோ எடுக்காதீர்கள். அது எல்லோருக்கும் நடக்கிறது, அதில் கதை இல்லை. நமக்கு வேண்டியது அவர் யோசித்து எடுத்த முடிவு, அதுவும் யோசித்தபோது நியாயமாகத் தெரிந்த முடிவு. ஆளை எங்கே நிறுத்தினார், யாரிடம் பந்தைக் கொடுத்தார், எதைச் சொல்லிக் கத்தினார் என்பதில்தான் அவருடைய குணம் தெரியும். கேட்கிறவர்கள் சிரிப்பதும் அந்தக் குணத்தைப் பார்த்துத்தான்.

டாஸ் கதைகளையும் விட்டுவிடச் சொல்வேன். டாஸ் முடிவை, ஆட்டம் முடிந்த பிறகுதான் எல்லோரும் தவறு என்கிறார்கள். கேப்டன் கையில் பதிலும் தயாராக இருக்கும். 2003 உலகக் கோப்பை ஃபைனலில் ஜோஹன்னஸ்பர்கில் டாஸ் ஜெயித்த கங்குலி ஆஸ்திரேலியாவை பேட் செய்யவிட்டார். அவர்கள் 2 விக்கெட்டுக்கு 359 அடித்தார்கள், நாம் 125 ரன்னில் தோற்றோம். "கங்குலிக்கே நடந்தது, எனக்கு நடக்காதா?" என்று கேப்டன் கேட்டுவிட்டால் மேசை முழுக்க அவர் பக்கம் போய்விடும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, இதுதான் முக்கியமானது. அந்தத் தவறால் அடிபட்டவர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். நான் நடத்திய முதல் வருடம், கேப்டன் ஒரு பையனைக் கடைசி நேரத்தில் பதினொரு பேரிலிருந்து எடுத்துவிட்டு, வந்தவர் முதல் பந்தில் அவுட் ஆன கதையைச் சொல்ல அனுமதித்தேன். தவறு கேப்டனுடையதுதான். ஆனால் அந்தப் பையன் அதே அறையில், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் சிரித்தபோது அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அதிலிருந்து, கேப்டனும் டீமும் மட்டும் நஷ்டப்பட்ட தவறுகளைத்தான் எடுக்கிறோம். அவருடைய வேலை, உடம்பு, வீடு, சாதி, டோர்னமென்ட் பணக் கணக்கு எதுவும் பேச்சில் வராது.

மேசைமேல் ஃபீல்டை நிறுத்துங்கள்

விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு லெக் ஸ்லிப் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அம்மாக்கள், குழந்தைகள், கல்யாணமாகிப் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள். வாயால் விளக்கினால் கதை வகுப்பாகிவிடும்.

அதனால் பதினொரு டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் டம்ளராக இருந்தால் தள்ளி வைக்கும்போது சத்தம் வரும், அந்தச் சத்தம் பேச்சுக்கு உதவும். நீளமான மேசையின் நடுவில் இரண்டு கரண்டிகளை வைத்தால் அதுதான் பிட்ச். பேட்ஸ்மேனுக்கு உப்பு டப்பா. பதினொன்றில் ஒன்று பவுலர், ஒன்று கீப்பர். கேப்டனுக்கு மட்டும் பெரிய சொம்பு வைத்தால் குழந்தைகள்கூட எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். ஃபீல்டை முன்கூட்டியே அடுக்கி வைக்காதீர்கள். பேசிக்கொண்டே, கேப்டன் சொன்ன வரிசையில் ஒவ்வொரு டம்ளராக நகர்த்த வேண்டும். அவர் யோசனை எப்படிப் போனது என்று கேட்கிறவர்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள்.

ஒரு கதையை முழுசாகப் பார்ப்போம்

சென்ற வருடம் எங்கள் பவுலர் தம்பி சொன்ன கதை இது. அவன் அனுமதியோடு அப்படியே தருகிறேன்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பவுலர் பந்தைப் போடும் நொடியில், பேட்ஸ்மேனின் கிரீஸ் கோட்டுக்குப் பின்னால், லெக் சைடில், கீப்பரைத் தவிர இரண்டு ஃபீல்டர்களுக்கு மேல் நிற்கக் கூடாது. மூன்றாவது ஆள் நின்றால் அம்பயர் நோ பால் கொடுப்பார். அடுத்தது ஃப்ரீ ஹிட். ஃப்ரீ ஹிட்டுக்கு அதே பேட்ஸ்மேன் ஆடுகிறார் என்றால் ஃபீல்டை மாற்றக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஃபீல்டர்கள் தவறான இடத்தில் நின்றதால்தான் நோ பால் வந்தது என்றால், அந்தத் தவறைச் சரிசெய்யும் அளவுக்கு ஆளை நகர்த்திக்கொள்ளலாம்.

எங்கள் கேப்டனுக்கு விதி தெரியும், விலக்கு தெரியாது. தம்பி இப்படிச் சொன்னான்:

"நாலு ஓவர் முடிஞ்சு 38க்கு ஒண்ணு. அஞ்சாவது ஓவர் என் கையில. அண்ணன் என் தோள்ல கையைப் போட்டாரு. 'இவன் லெக் சைடுதான் அடிப்பான். அங்க ஒரு கோட்டையே கட்டிடலாம்'னாரு. கட்டினாரு. ஃபைன் லெக் ஒண்ணு." ஒரு டம்ளர் நகர்ந்தது. "ஸ்கொயர் லெக்குக்குப் பின்னால ஒண்ணு." இன்னொன்று. "அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, லெக் ஸ்லிப் ஒண்ணு." மூன்றாவது. "நான் ஓடி வந்து போட்டேன். அவன் சுத்தினான், படல. கீப்பர் புடிச்சாச்சு. நல்ல பால்னு நானே கை தட்டினேன்."

இங்கே அவன் நிறுத்தினான். மேசையின் மறுபக்கம் கீப்பர் எழுந்து, ஒன்றும் பேசாமல், அம்பயர்போல ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினான். ஆட்டம் தெரிந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள், தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். தம்பி அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான்.

"நோ பால். நான் கோட்டைத் தாண்டிட்டேனோன்னு என் காலைப் பார்க்கிறேன். அம்பயர் சொன்னாரு, 'தம்பி, நீ கோட்டைத் தாண்டல. உங்க கேப்டன் கட்டின கோட்டைதான் தாண்டிருச்சு.'

"சரி, ஃப்ரீ ஹிட். லெக் ஸ்லிப்ல நின்னவன் நகரப் போனான். அண்ணன் கத்தினாரு, 'அசையாதே! ஃப்ரீ ஹிட்டுக்கு ஃபீல்டை மாத்தக் கூடாது, ரூல் தெரியாதா?' எங்க டீம்லயே ரூல் தெரிஞ்ச ஒரே ஆள் அண்ணன்தான். பாதி ரூல். நான் போட்டேன். அவன் தூக்கினான், தோப்புக்குள்ள போய் விழுந்துச்சு. சிக்ஸ். சரி, போகட்டும்னு திரும்பினா..."

கீப்பர் மறுபடி கையை நீட்டினான்.

"ரெண்டு பால் போட்டாச்சு. ஸ்கோர் புக்ல எத்தனை பால்? ஒண்ணுகூட இல்ல. எத்தனை ரன்? எட்டு. பால் போடாமலே எட்டு ரன் குடுத்த பவுலர் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். அதுக்கப்புறம் ஆறு பால்ல குடுத்த பதிமூணு ரன் என் சொந்தச் சம்பாத்தியம், அதை அண்ணன் கணக்குல எழுத வேண்டாம்."

இந்தக் கதை ஏன் நின்றது என்று பாருங்கள். ஸ்கோரும் ஓவரும் ஒரே வரியில் முடிந்தன. கேப்டன் சொன்ன வாக்கியம் அவர் சொன்னபடியே வந்தது, அது "கோட்டை" என்ற சொல்லைக் கொண்டுவந்தது, அந்தச் சொல்லே பின்னால் சிரிப்பாகத் திரும்பியது. இந்த மாதிரி ஒரு சொல்லை உங்கள் கேப்டனும் எங்காவது சொல்லியிருப்பார், அதைத் தேடுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின: முதல் நோ பாலுக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று, சிக்ஸுக்கு ஆறு. கடைசியில் பவுலர் தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டான். அந்த வரி இல்லையென்றால், தோற்ற ஆட்டத்துக்குப் பழி போடுகிற பேச்சாக அது மாறியிருக்கும். எல்லாக் கதையிலும் சொல்கிறவரின் பங்குக்கு ஒரு வரி வையுங்கள்.

காற்றுக் கதை

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு தவறு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக, டிசம்பர் தொடங்கிக் கிழக்குக் காற்று பலமாக வீசும். டென்னிஸ் பந்து 58 கிராம் அளவுதான் இருக்கும், லெதர் பந்து 160 கிராமுக்குப் பக்கத்தில். அதனால் இங்கே உயரமாக அடித்த டென்னிஸ் பந்து, அடித்தவன் நினைத்த இடத்தில் விழுவதில்லை. கிழக்கிலிருந்து பந்து போட்டால், நேராகத் தூக்கி அடித்த பந்து காற்றை எதிர்த்துப் போய், நடுவானில் நின்று, குறுகி விழும். லாங் ஆனில் நிற்பவரைப் பத்துப் பதினைந்து அடி முன்னால் வைக்க வேண்டும்.

எங்கள் கேப்டன் ஓர் ஆட்டத்தில் அந்த ஆளை எல்லையிலேயே நிறுத்தினார். ஒரு பந்து முன்னால் விழுந்தது. "கண்ணு தெரியலையா, பின்னால போ!" என்றார். இரண்டாவதும் முன்னால் விழுந்தது. "இன்னும் பின்னால!" லாங் ஆனில் நின்ற பையன் விருந்தில் சொன்னது: "மூணாவது பால் விழும்போது நான் தென்னை மரத்துக்குப் பின்னால நிக்கிறேன். என்னைவிட அந்த மரம்தான் நல்ல பொசிஷன்ல இருந்துச்சு."

காற்றை விளக்கப் பேச்சு வேண்டாம். ஃபேனைப் போட்டு, அதன் எதிரே ஒரு காகித நாப்கினை எறிந்து காட்டுங்கள், அது திரும்பி வந்து விழும். அவ்வளவுதான்.

ஓவர் கணக்குக் கதை, அதில் இரண்டு மொழி

கடைசிக் கதைக்கு, கணக்கில் மாட்டிக்கொண்ட ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர்கள் தாங்களே கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கும்.

பத்து ஓவர் ஆட்டத்தில் ஒரு பவுலர் இரண்டு ஓவர்தான் போடலாம். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு ஓவர் போட முடியாது. எங்கள் கேப்டன் சிறந்த பவுலரைக் கடைசிக்கு என்று எடுத்து வைத்தார். நல்ல யோசனைதான். மற்ற நான்கு பேரைக்கொண்டு முதல் எட்டு ஓவரை முடித்தார், ஆளுக்கு இரண்டு. மிச்சம் இரண்டு ஓவர், மிச்சம் இருப்பது ஒரே ஒரு பவுலர். ஒன்பதாவதை அவர் போட்டால் பத்தாவதை அவர் போட முடியாது. எட்டாவது ஓவருக்குள் அந்தப் பவுலருக்கு ஒரு ஓவர் கொடுத்து, வேறொருவரிடம் ஒரு ஓவரை மிச்சம் வைத்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும்.

இதைச் சொல்ல டம்ளருக்குப் பதில் ஐந்து விரல் போதும். கீப்பர் ஒரு கையை உயர்த்தி, நான்கு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். ஒரு விரல் நின்றது. "ஓவர் எத்தனை மிச்சம்?" என்று குழந்தைகளைக் கேட்டான். "ரெண்டு!" என்று அவர்கள் கத்தினார்கள். "விரல் எத்தனை?" என்றான். அந்த இடத்தில் கேப்டனின் மகளே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கீப்பர், அண்ணன் என்பதற்கு மலையாளத்தில் ஏட்டன் என்று சொல்லித் தொடர்ந்தான்: "ஒன்பதாவது ஓவர்ல மூணே ரன். கடைசி ஓவருக்கு அவங்களுக்கு 14 வேணும். நான் ஓடிப்போய், 'ஏட்டா, யாரு போடறது?'ன்னு கேட்டேன். ஏட்டன் ஃபீல்டை ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தாரு. எல்லாரும் ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சிட்டாங்க. கடைசில அவரே பந்தை எடுத்தாரு. வைடு. வைடு. சிக்ஸ். ஒண்ணு. நாலு. ஒண்ணு. பதினாலு முடிஞ்சு போச்சு, இன்னும் ரெண்டு பால் மிச்சம்."

பிறகு வந்த வரிக்காகத்தான் மொழியைப் பற்றிச் சொல்கிறேன். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. தமிழில் அது பதற்றமான வேகம். சீசன் தொடங்கும்போது எங்கள் கேப்டன் மலையாளத்தில், "எல்லார்க்கும் அவசரம் கொடுக்கும்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். கீப்பர் அதை நினைவில் வைத்திருந்து இப்படி முடித்தான்: "ஏட்டன் சொன்ன வாக்கைக் காப்பாத்தினாரு. எல்லாருக்கும் அவசரம் கொடுத்தாரு. ஆனா மலையாளத்துல இல்ல, தமிழ்ல." இரண்டு மொழிக்காரர்களும் ஒரே நொடியில் சிரித்தார்கள்.

இதே எல்லை உங்களைக் கவிழ்க்கவும் கூடும். தமிழில் பட்டி என்றால் சிற்றூர், ஆட்டுப்பட்டி. மலையாளத்தில் பட்டி நாய், வசவாகவும் பயன்படும். "கேப்டன் எங்களைப் பட்டியில அடைச்ச மாதிரி ஒரே பக்கம் நிறுத்தினாரு" என்று ஒரு புதுப் பையன் எழுதி வந்தான். மலையாளம் பேசுகிற நண்பரிடம் முதலில் படித்துக் காட்டச் சொன்னதால் அந்த வரி தப்பித்தது. பேச்சை எழுதியதும் இரண்டு வீட்டு மொழியிலிருந்தும் ஒவ்வொருவரிடம் படித்துக் காட்டுங்கள். ஒருவருடைய உச்சரிப்பை மட்டும் நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்காதீர்கள். இங்கே உச்சரிப்பைக் கிண்டல் செய்தால் அது ஒரு ஆளோடு நிற்காது, பாதி டீமின் வீட்டுக்குப் போய்விடும்.

அன்றிரவு

பரோட்டாவும் சிக்கனும் சூடாக இருக்கும்போது பேச எழாதீர்கள். சாப்பிட்டு முடித்து, பாயசமோ ஐஸ்கிரீமோ வருவதற்கு முன்னால்தான் சரியான நேரம். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் இன்னும் ஒன்று வரவேண்டும் என்பதால் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், மூன்று பேர். கேப்டனுக்கு ஐந்து நிமிடம். பேசப்போகிறவர்கள் பேசி முடிக்கும்வரை குடிக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

வரிசை இப்படி இருக்கட்டும்: சின்னத் தவறு முதலில், எங்கள் ஊரில் என்றால் காற்றுக் கதை. அப்புறம் டம்ளர்க் கதை. கணக்குக் கதை கடைசியில். புதியவர் நடுவில் பேசுவது நல்லது. முதல் ஆளின் பேச்சில் மேசை சூடாகியிருக்கும், கடைசி ஆளின் பாரமும் அவர்மேல் இருக்காது.

தாளில் எழுதியதைப் படிக்காதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் ஓவர், ஸ்கோர், கேப்டன் சொன்ன வாக்கியம் இந்த மூன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் உங்கள் கண்ணால் பார்த்ததுதானே, வந்துவிடும்.

கெட்டுப்போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கேப்டன் முகத்தைப் பார்க்காதீர்கள், அவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். அவர் வீட்டாரைப் பாருங்கள். மனைவியோ அம்மாவோ சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தால், அந்தக் கதையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆபத்து பெரும்பாலும் எழுதியதில் வருவதில்லை. சிரிப்புக் கிடைத்த சந்தோஷத்தில், "இன்னொண்ணு சொல்றேன்" என்று எழுதாத ஒன்றைத் தொடங்கும்போது வருகிறது. இதற்கு எங்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. நடத்துகிறவர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே குறுக்காக ஆட்டுவார். அம்பயர் டெட் பால் காட்டுகிற அதே சைகை. பேசுகிறவர் உடனே உட்கார வேண்டும். சைகையே சிரிப்பாகிவிடுவதால் யாருக்கும் அவமானமாகவும் இருப்பதில்லை.

கேப்டனின் பதிலை யாரும் மறிக்கக் கூடாது. அந்த ஐந்து நிமிடம் முழுக்க அவருடையது. சென்ற வருடம் எங்கள் கேப்டன் எழுந்து வந்து, மேசையில் அப்படியே இருந்த டம்ளர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். லெக் ஸ்லிப் டம்ளரைக் கையில் எடுத்தார். பவுலர் தம்பியிடம் போய் அவன் முன்னால் வைத்தார்.

"கோட்டை கட்டலாம்னு சொன்னது நான்தான். ரெண்டு ஆளோட நிறுத்திட்டுத் திரும்பினேன். 'அண்ணா, எட்ஜ் வாங்கும், லெக் ஸ்லிப் ஒண்ணு குடுங்க'ன்னு கேட்டது யாருடா?"

தம்பி டம்ளரைப் பார்த்தான். கீப்பர் மூன்றாவது முறையாக எழுந்து கையை நீட்டினான், இந்தத் தடவை தம்பியை நோக்கி.